கருப்புக்கும் கருப்புக்கும் நடுவே

பேராசிரியரின் வலது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பும் தோலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து, அந்த நான்கு சக்கரப் பெட்டி போய் இடித்தது. பெட்டியின் எடை மூன்று கிலோ. வேகம், ஒரு பூனை யோசித்துக்கொண்டே நடக்கும் வேகம். ஆனால் அடுத்த ஒரு வாரம் அவர் நொண்டிய நொண்டலைப் பார்த்தவர்கள், ஏதோ சரக்கு ரயில் அவர் மேல் ஏறி இறங்கிவிட்டுப் போயிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

எதிரே ஆள் நின்றால் தானாக நின்றுவிடும் மோட்டார் வண்டி. கடைசி வருடத் திட்டம். அன்று அதை மூன்று பேர் கொண்ட குழு பார்வையிட்டது. செய்தவர்கள் இரண்டு பேர். வயர் இழுத்தது, சாலிடர் வைத்தது, திருகாணி முடுக்கியது ஒருத்தி; கல்லூரி முழுக்க அவளுக்குப் பெயர் கம்பி. கம்ப்யூட்டர் கோடு, அதாவது புரோகிராம், எழுதியது மற்றொருத்தி. அவள் பெயர் கோடு. முதல் வருடத்தில் யாரோ வைத்த பெயர்கள். இப்போது வருகைப் பதிவேட்டில் நிஜப் பெயரைக் கூப்பிட்டால் இருவருமே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இடித்த காலைத் தேய்த்துக்கொண்டே பேராசிரியர் கேட்டார். "ஏன் நிக்கல?"

கோடுதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சென்சார் ரீடிங் குதிக்குது சார். வயரிங் என் வேலை இல்ல."

நான்கு வருடம் ஒரே பெஞ்சில், ஒரே டிபன் டப்பாவில் கை நுழைத்த சிநேகிதம். அது ஒரு வாக்கியத்தில் முடிந்தது. கம்பி குனிந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

குழு கூடிப் பேசி ஒரு முடிவு சொன்னது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் ரீடிங் ஏன் குதிக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதித் தர வேண்டும். யார் செய்த பகுதியில் பிழையோ அவர் அடுத்த பருவத்தில் திட்டத்தை மறுபடி செய்ய வேண்டும்.

கோடுக்கு அது ஆறு மாதம். கம்பிக்கு அது வேலை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று அவளை எடுத்திருந்தது. வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும், தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் அப்பா முதுகு பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இது கோடுக்கும் தெரியும். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதும் தெரியும். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லேபில் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். சேர்ந்து வரவில்லை, வந்து சேர்ந்தார்கள். லேப் அண்ணன் சாவிக்கொத்தை எடுத்துக் கதவைத் திறந்தார். அந்தக் கொத்தில் நாட்டிலுள்ள எல்லாப் பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கும்போலத் தெரியும்; தேவையான சாவி மட்டும் கடைசியில்தான் அகப்படும்.

"அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். அதுக்குள்ள அடிச்சுக்கிறதுனா அடிச்சுக்குங்க. மேஜை மேல இருக்கறதை மட்டும் உடைக்காதீங்கம்மா."

"அடிச்சுக்கல அண்ணே," என்றாள் கோடு.

"பேசலைல்ல. அது அதவிட மோசம்," என்று சொல்லிவிட்டு அவர் தன் நாற்காலிக்குப் போனார்.

கம்பி வண்டியை மேஜை மேல் வைத்தாள். தலையணை உயரத்துக்கு இருந்த இரண்டு பாடப்புத்தகங்களைப் பெட்டியின் வயிற்றுக்குக் கீழே கொடுத்தாள். அந்தப் புத்தகங்கள் நான்கு வருடத்தில் யாருக்காவது உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை. சக்கரங்கள் அந்தரத்தில் நின்றன. எதிரே சரியாக ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரு அட்டைப்பெட்டியை நிறுத்தி, அது நகராதபடி டேப் ஒட்டினாள்.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்," என்றாள் சுவரைப் பார்த்து. "மாத்திப் பார்த்துட்டு, பழையபடி வெச்சுட்டுதான் அடுத்தது."

"சரி."

"ஒவ்வொண்ணையும் எழுதணும். நீ எழுது. உன் கையெழுத்துதான் மனுஷங்க படிக்கிற மாதிரி இருக்கும்."

கோடு நோட்டைத் திறந்தாள்.

வண்டியின் முகத்தில் இருந்த சென்சார் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும். எதிரே பட்டுத் திரும்புவதை வைத்து, பொருள் பக்கத்தில் இருந்தால் அதிக வோல்ட்டும், தள்ளி இருந்தால் குறைந்த வோல்ட்டும் கொடுக்கும். பின்னால் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ட்ரோலர் அந்த வோல்ட்டைச் சென்டிமீட்டராக மாற்றிச் சொல்லும். மூன்றே வயர். சிவப்பு மின்சாரம் தரும், மஞ்சள் பதில் சொல்லும், கருப்பு அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொண்டுபோகும்.

மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஐம்பது, ஐம்பது, நாற்பத்தொன்பது, ஐம்பது. கோயில் சிலைபோல அசையவில்லை. மோட்டாரை ஓட விட்டார்கள். நாற்பத்தாறு, நாற்பத்தைந்து, நாற்பத்து நான்கு. நகர்ந்தது, குதிக்கவில்லை.

கம்பி லேப் கம்ப்யூட்டரின் திரையையே பார்த்தாள்.

"இவ்வளவு நயமாவா குதிக்கும்? முதல் மாசம் இதே வண்டி தவளை மாதிரி ஆடுச்சு. எதுவுமே இல்லாத இடத்துல நின்னு நின்னு போச்சு. இப்ப என்ன எண்ணெய் தடவின மாதிரி இறங்குது?"

கோடு பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

"சராசரி போட்டிருக்கேன்."

"என்ன சராசரி?"

"கடைசி இருபத்தஞ்சு ரீடிங்கைக் கூட்டி வகுத்துதான் காட்டும். தவளை ஆட்டம் தெரியக் கூடாதுன்னு."

"எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா."

கம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று கோடுக்குத் தோன்றியது.

"எடு," என்றாள் கம்பி. "இருக்கறத இருக்கறபடி காட்டு."

எடுத்தாள். மோட்டார் ஓடியது. ஐம்பது, நாற்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, முப்பத்தைந்து. மோட்டார் கிளம்பும் முதல் நொடியில் இருபத்தேழு. டேப் ஒட்டிய அட்டைப்பெட்டி ஒரு இம்மி நகரவில்லை. ஆனால் திரையின்படி அது மேஜை மேல் கூத்தாடிக்கொண்டிருந்தது.

"இப்ப ஆரம்பிக்கலாம்," என்றாள் கம்பி.

முதலில் வெயில். ஜன்னல் வழியாக விழும் வெயிலும் இந்தச் சென்சாரைக் குழப்பும். திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். ஆட்டம் அப்படியே. திரைச்சீலையைத் திறந்துவிட்டு, சென்சாரைக் கழற்றிப் புதிய சென்சாரை மாட்டினார்கள். அதுவும் அதே ஆட்டம். பழையதையே திரும்ப மாட்டினாள் கம்பி.

"புதுசையே வெச்சுக்கலாமே."

"புதுசையும் வெச்சுட்டு, இன்னொண்ணையும் மாத்தினா எது எதால ஆச்சுன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு அவங்க கேட்பாங்க."

கோடு எழுதினாள்: காரணம் சென்சார் இல்லை.

அடுத்தது புரோகிராம். இந்த இடத்தில் இருவர் குரலும் கொஞ்சம் தாழ்ந்தது. புரோகிராமில் பிழை என்றால் கோடு மாட்டினாள்; இல்லையென்றால் மிச்சம் இருப்பது வயர்தான். கோடு தன் புரோகிராம் முழுவதையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆறே வரியில் ஒன்று எழுதினாள். ரீடிங்கைப் படி, காட்டு. அவ்வளவுதான். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டுக்குக் கட்டளை வரும் முனையில் கம்பி நேராக ஒரு வயரைச் செருகினாள். கண்ட்ரோலரைக் கேட்காமலே சக்கரம் சுற்றியது.

நாற்பத்திரண்டு. முப்பத்தைந்து. நாற்பத்தேழு. முப்பத்தாறு.

ஆறு வரியில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கோடு தப்பித்தாள். தப்பித்த சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை; பேனாவை நோட்டின் மேல் படுக்க வைத்தாள்.

"எழுது," என்றாள் கம்பி.

"கம்பி…"

"எழுதுடி. புரோகிராம் இல்ல."

எழுதினாள். எழுத்து கோணியது.

மோட்டாரின் வயர்களை மட்டும் கழற்றி, டிரைவர் போர்டை உயிரோடு வைத்துப் பார்த்தார்கள். ஐம்பது, ஐம்பது. ஒரு மோட்டாரை மாட்டினால் சின்ன ஆட்டம். இரண்டையும் மாட்டினால் பெரிய ஆட்டம். கம்பி ஒரு துணியை மடித்து, சுற்றும் சக்கரத்தை மெதுவாக அழுத்தினாள். மோட்டார் முக்கியது, ரீடிங் முப்பதுக்கு விழுந்தது. துணியை எடுத்ததும் ஏறியது. மறுபடி அழுத்தினாள், விழுந்தது.

"எவ்வளவு கரண்ட் இழுக்குதோ அவ்வளவு பொய் சொல்லுது," என்றாள்.

"மஞ்சள் வயர் மோட்டார் வயர் பக்கத்துல போகுது. அதனால இருக்குமோ?"

மஞ்சளைப் பிரித்து ஒரு அடி தள்ளிக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள் கோடு. துணி உலர்த்தும் கொடிக்கம்பம் மாதிரி ஐந்து நிமிடம் நின்றாள். ஒரு மாற்றமும் இல்லை.

லேப் அண்ணன் எட்டிப் பார்த்தார். "டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்ணே."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்றீங்க. அப்ப பேச ஆரம்பிச்சாச்சு," என்று அவரே குடித்துக்கொண்டார்.

மணி நான்கு. கம்பி பெட்டியின் மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த வயரிங்கைப் பார்க்க வேறு துறையிலிருந்தெல்லாம் ஆள் வந்து போனதுண்டு. ஒவ்வொரு வயரும் இழை பிசகாமல், பின்னிய கூந்தல் மாதிரி, ஒரே அளவு இடைவெளியில் கட்டுப்போட்டு, மூலையில் சரியாகத் தொண்ணூறு டிகிரியில் வளைந்து போகும். முன்பக்கத்தில் இருந்த கருப்பு வயர்கள், சென்சாருடையது, மோட்டார் டிரைவருடையது, எல்லாம் ஒரே முடிச்சில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே ஒரு மெல்லிய கருப்பு வயராகப் பின்னால் பேட்டரிக்குப் போனது. கண்ட்ரோலரின் கருப்பு அங்கே பேட்டரி முனையிலேயே இருந்தது. துறைத்தலைவர்கூட ஒருநாள் குனிந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போயிருந்தார்.

கம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தாள். ஒரு முனையைச் சென்சாரின் கருப்பில் வைத்தாள். மற்றொரு முனையைக் கண்ட்ரோலரின் கருப்பில் வைத்தாள்.

"அது எதுக்குடி?" என்றாள் கோடு. "கருப்புக்கும் கருப்புக்கும் நடுவுல என்ன இருக்கப் போகுது? ரெண்டும் ஒரே வயர்தான்."

"மோட்டார் போடு."

நின்றிருந்தபோது மீட்டரில் பூஜ்யம். சக்கரம் சுற்றியதும் பூஜ்யம் புள்ளி இரண்டு. கோடு துணியால் சக்கரத்தை அழுத்தினாள். பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து.

கோடு துணியை விட்டுவிட்டு அந்த எண்ணை நோட்டில் எழுதினாள்.

"பூஜ்யம்னு நினைச்சோமே," என்றாள் கம்பி மெதுவாக, "அந்த இடமே ஆடுது."

மோட்டார் குடித்த மின்சாரம் எல்லாம் அந்த ஒற்றை மெல்லிய வயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மெல்லிய வயரில் அவ்வளவு போகும்போது அதன் இரண்டு முனைக்கும் இடையே கொஞ்சம் வோல்ட் நிற்கும். அதே முடிச்சில் கால் வைத்து நின்ற சென்சார், அந்த வோல்ட் அளவுக்கு மேலே தூக்கப்பட்டது. அது சரியாகத்தான் அளந்தது. நின்ற தரைதான் எழும்பியது. பின்னால் இருந்த கண்ட்ரோலருக்கு வோல்ட் அதிகமாகத் தெரிந்தது, அதனால் அட்டைப்பெட்டி பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியது.

கம்பி ஒரு புது கருப்பு வயரை வெட்டினாள். சென்சாரின் கருப்பை அந்த அழகான முடிச்சிலிருந்து பிரித்து, நேராகக் கண்ட்ரோலருக்கு இழுத்து மாட்டினாள். அது பெட்டிக்கு மேலே அசிங்கமாக வளைந்து, வால் மாதிரி தொங்கியது.

மோட்டார் ஓடியது. ஐம்பது. ஐம்பது. நாற்பத்தொன்பது. ஐம்பது. துணியால் அழுத்தினார்கள். ஐம்பது.

"பழையபடி மாட்டு," என்றாள் கோடு. பழைய முடிச்சுக்கு மாற்றினார்கள். குதித்தது. புது வயருக்கு மாற்றினார்கள். நின்றது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மூன்று தடவையும் அதே.

கம்பி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையில் இருந்த கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள்.

"என் வேலைதான். எழுது."

கோடு எழுதவில்லை.

"எழுதும்மா. சாட்சிக்கு மீட்டரே இருக்கு. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"மூடி மூடாம இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் கோடு. "வயர் அதிகமா இருந்து மூடி தூக்கிட்டு நின்னுச்சு. நீ ரெண்டு கருப்பு தனித்தனியாத்தான் இழுத்திருந்தே. 'கருப்பு எல்லாம் ஒண்ணுதானே, சேர்த்து ஒண்ணாக் கட்டு'ன்னு நான்தான் சொன்னேன்."

"நீ சொன்னே. கட்டினது நான்."

"கட்டி அரை மணி நேரத்துல ஆட ஆரம்பிச்சிடுச்சு வண்டி. அன்னைக்கே மூடியைத் திறந்து பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் சராசரி போட்டு மூடிட்டேன். அதுக்கும் மேல…" அவள் நிறுத்தினாள்.

"மேல என்ன?"

"சும்மா சும்மா நிக்குதுன்னு, நிக்கிற தூரத்தை நாற்பதுலேருந்து இருபதா குறைச்சேன். யாருகிட்டயும் சொல்லல."

கம்பி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடியில் இருபத்தைந்து ரீடிங். வண்டி ஒரு நொடியில் அரை மீட்டர் போகும். ஆள் வந்துவிட்டான் என்று சராசரிக்கு உறைப்பதற்குள் வண்டி ஒரு முழம் தாண்டியிருக்கும். மிச்சம் இருந்ததோ இருபது சென்டிமீட்டர். கணக்கை அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப குதிச்சது என்னால," என்றாள். "இடிச்சது உன்னால."

"ஆமா."

"வயரிங் என் வேலை இல்லைன்னு சொன்னியே."

"சொன்னேன்."

கோடுக்கு மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்து, அங்கேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. கம்பியும் அதை வெளியே இழுக்க முயலவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, தன் பின்னலை ஒவ்வொரு கட்டாக வெட்டினாள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சின்ன சத்தம். மோட்டார் டிரைவருக்கு என்று தடித்த கருப்பு வயர் ஒன்றைத் தனியாகப் பேட்டரிக்கு இழுத்தாள். கோடு வயரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தன் புரோகிராமில் சராசரியை எடுத்துவிட்டு, நிற்கும் தூரத்தை மறுபடி நாற்பதாக்கினாள். மூடி இப்போது மூடவில்லை. ஒரு ரப்பர்பேண்ட் போட்டு நிறுத்தினார்கள்.

"நாளைக்கு சராசரியைப் பத்தி எழுதாதே," என்றாள் கம்பி, வேலையை விட்டுத் தலை தூக்காமல். "அத யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. உனக்கு முதல் ரேங்க் போயிடும்."

"அத எழுதலைன்னா உன் பேர் மட்டும்தான் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"நீ ஒண்ணாந்தேதி வேலைக்குப் போகணும்," என்றாள் கோடு.

வியாழக்கிழமை காலை பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு அறிக்கை பேராசிரியர் மேஜைக்குப் போனது. எட்டு பக்கம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு தலைப்பு, என்ன மாற்றினோம், என்ன ஆயிற்று. அவர் பேனாவோடு படித்தார். ஐந்தாம் பக்கத்தில் மீட்டர் அளவுகளில் நெடுநேரம் நின்றார். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

"இந்தச் சராசரி விஷயம், இருபது சென்டிமீட்டர் விஷயம். இதை நீங்க எழுதாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார்," என்றாள் கோடு.

"யாரோட பிழைன்னு ஒரு பேர் கேட்டிருந்தேன்."

"ஒரு பேர் வரல சார்," என்றாள் கம்பி. "எவ்வளவு பிரிச்சாலும் ரெண்டுதான் வருது."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே லேபுக்கு நடந்தார். வண்டியைத் தரையில் விடச் சொன்னார். முதலில் ஒரு நாற்காலியை எதிரே வைத்தார். நின்றது. தன் பையை வைத்தார். நின்றது. மூன்றாவதாக, நீண்ட யோசனைக்குப் பிறகு, தன் இடது காலை வைத்தார். வலது காலை வைக்க அவர் தயாராக இல்லை. லேப் அண்ணன் அளவுகோலோடு குனிந்தார்.

"முப்பத்தெட்டு சார்."

மாலையில் முடிவு ஒட்டினார்கள். திட்டத்தை யாரும் மறுபடி செய்ய வேண்டியதில்லை. வயரிங்குக்குப் பத்து மதிப்பெண் குறைவு, தேர்ச்சி. புரோகிராமுக்குப் பாதி போயிற்று, காரணம் எழுதியிருந்தது: பிழையை மறைத்தது. தேர்ச்சி. துறையின் முதல் இடம் பக்கத்து வகுப்புக்குப் போனது.

பலகைக்கு முன்னால் கூட்டம். கோடு அதில் தன் வரியைப் படித்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. அம்மா. எடுத்தாள்.

"ம்… பாஸ்மா… இல்ல, முதல் இடம் இல்ல… இல்லம்மா, யாரும் பண்ணல, நானே பண்ணினது. வீட்டுக்கு வந்து சொல்றேன்… உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வெச்சிடறேன்."

கம்பி கூட்டத்திலிருந்து பிதுங்கி வந்து, ஒரு படி விட்டு அடுத்த படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா திட்டினாங்களா?"

"இன்னும் இல்ல. சேர்த்து வெச்சிருக்காங்க."

"நான் வரட்டுமா வீட்டுக்கு?"

கோடு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். இரண்டு படி இறங்கிய பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"வா," என்றாள்.